பேஸ்புக் போனது, பாட்டும் போனதா?

2011 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை ஒரு முடிவெடுத்தது. புதிதாகச் சேர வருபவர் யாராக இருந்தாலும் இனி பேஸ்புக் கணக்கோடுதான் வர வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பாட்டுச் சேவை தொடங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேரும் பழைய வழி அடைபட்டது. எதிர்ப்பு கிளம்பியும், சுமார் ஓராண்டு கழித்து 2012 ஆகஸ்ட்டில்தான் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் பாட்டுப் பட்டியலுக்குள் நுழைய ஒரே வாசல், பேஸ்புக்.

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் கைமாறியிருக்கலாம் என்று அடுத்த மாதம் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. ‘பேஸ்புக்கை அழியுங்கள்’ என்ற முழக்கம் உலகெங்கும் பரவியது. வாட்ஸ்ஆப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனே அதை எழுதினார். கோபத்தோடு கணக்கை அழித்தவர்கள் பலரும் அந்த நேரத்தில் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. பேஸ்புக் பொத்தானை அழுத்தி எந்தெந்த இடங்களில் நுழைந்து கொண்டிருந்தார்களோ, அந்த இடங்களின் வாசலும் கூடவே அடைபட்டுவிடும்.

இதைப் பேஸ்புக் மறைக்கவில்லை. கணக்கை நிரந்தரமாக நீக்குவது பற்றிய அதன் உதவிப் பக்கத்திலேயே, ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட் போன்றவற்றுக்குள் பேஸ்புக் வழியாக இனி நுழைய முடியாது, அந்தக் கணக்குகளை மீட்க அந்தந்த நிறுவனத்தைத்தான் அணுக வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் நீக்கும் முடிவோடு வந்தவர் யாரும் அந்த வரியில் நின்று யோசிப்பதில்லை.

இந்தியாவுக்கு ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் கட்டாயம் போய்விட்டது, பொத்தான் மட்டும் இருந்தது. ஃபார்ம் நிரப்பச் சோம்பல்பட்டு அந்தப் பொத்தானை அழுத்திய பழக்கம் நம்மிடமும் உண்டு. சாப்பாடு வரவழைக்கும் செயலி, விளையாட்டு, வேலை தேடும் தளம், புகைப்படம் சேமிக்கும் இடம் என்று எங்கெல்லாம் அழுத்தினோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது.

சிக்கலைப் புரிந்துகொள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபரில் பேஸ்புக் வழியாக ஸ்பாட்டிஃபையில் சேர்ந்தார். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பாட்டுப் பட்டியல்கள் இருக்கின்றன, மாதச் சந்தாவும் கட்டுகிறார். பேஸ்புக் கணக்கை அழித்தார். மறுநாள் காலையில் பாட்டு வழக்கம்போல ஓடியது. அடுத்த வாரமும் ஓடியது. பேஸ்புக் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்று நிம்மதியாக இருந்தார். மூன்று மாதம் கழித்துப் புது போன் வாங்கினார். செயலியை இறக்கினார், பேஸ்புக் பொத்தானை அழுத்தினார், உள்ளே போக முடியவில்லை.

இந்தத் தாமதம்தான் இதில் மிக மோசமான பகுதி. ஒருவர் முதல்முறை உள்ளே நுழையும்போது மட்டுமே சேவை பேஸ்புக்கிடம் ‘இவர் யார்’ என்று கேட்கிறது. பதில் கிடைத்ததும், அந்த போனுக்குத் தன் சொந்த அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறது, பேஸ்புக்கைத் திரும்பிக் கேட்பதில்லை. அதனால் பேஸ்புக் கணக்கு மறைந்த பிறகும் பழைய போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். புது போன் வாங்கும்போதோ, செயலியை நீக்கித் திரும்பப் போடும்போதோ, தெரியாமல் வெளியேறும்போதோதான் விஷயம் அம்பலமாகிறது. அதற்குள் காலக்கெடு முடிந்திருக்கும்.

எந்தக் காலக்கெடு? பேஸ்புக் கணக்கை அழிக்கச் சொன்ன நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. 2018-க்கு முன்பு அது 14 நாளாக இருந்தது. அந்த 30 நாளுக்குள் பழைய மெயில், பாஸ்வேர்டைக் கொண்டு பேஸ்புக்குக்குள் போனால் `Cancel Deletion` என்ற பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் கணக்கு அப்படியே திரும்பிவிடும், அதோடு மற்ற வாசல்களும் திறந்துகொள்ளும். 30 நாள் தாண்டிவிட்டால் பேஸ்புக்கால்கூடத் திருப்பித் தர முடியாது. சேமிப்பில் உள்ள எல்லாத் தரவும் முழுதாக அழிய 90 நாள் வரை ஆகலாம் என்று சொல்கிறார்கள். அதை நம்பி மூன்று மாதம் இருக்கிறது என்று கணக்குப் போடக் கூடாது. திரும்பி வர வாய்ப்பு முதல் 30 நாள் மட்டுமே.

தற்காலிகமாக முடக்கி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வேறொரு செயலியில் பேஸ்புக் பொத்தானை அழுத்தி நுழைந்தாலே பேஸ்புக் கணக்கு உயிர்பெற்றுவிடும். ‘நான் முடக்கித்தானே வைத்தேன், எப்படி என் படம் திரும்பவும் தெரிகிறது’ என்று சிலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஆள் மூன்று மாதம் தாண்டியவர். அவருக்கு உடனே தோன்றும் யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதே பெயரில், அதே மெயில் முகவரியில் புதிதாக ஒரு பேஸ்புக் கணக்கு திறந்தால் போயிற்று. திறந்தார். பொத்தானை அழுத்தினார். இந்த முறை எந்தத் தடையும் வரவில்லை, ஸ்பாட்டிஃபை திறந்தது. ஆனால் உள்ளே ஒரு பாட்டுகூட இல்லை. சந்தாவும் இல்லை. ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களே’ என்று பதறினார்.

யாரும் எதையும் அழிக்கவில்லை. அவர் நுழைந்தது வேறு கணக்கு. பேஸ்புக் பொத்தானை அழுத்தும்போது திரைக்குப் பின்னால் என்ன போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். 2011-ல் பேஸ்புக் சேவைக்கு அனுப்பிய பதில் ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

```
{ "id": "1000000000111",
  "email": "ravi@example.com" }
```

புதுக் கணக்கு திறந்த பிறகு போன பதில்:

```
{ "id": "1000000000999",
  "email": "ravi@example.com" }
```

மெயில் முகவரி ஒன்றுதான், எண் வேறு. ஒழுங்காகக் கட்டப்பட்ட சேவை ஆளை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான். பெயரும் மெயிலும் அதற்கு வெறும் கூடுதல் தகவல். அழிந்த கணக்கின் எண் இன்னொரு கணக்குக்குக் கிடைக்காது. 2014-லிருந்து பேஸ்புக் ஒவ்வொரு செயலிக்கும் ஒரே ஆளின் வெவ்வேறு எண்ணைத்தான் தருகிறது. ஆகவே அந்த எண்ணைத் தேடிப் பிடித்து எங்காவது தட்டிக் கொடுத்துவிடலாம் என்பதும் நடக்காத காரியம். கூகுளும் இதே முறைதான். ஆளை அடையாளம் காண மெயிலைப் பயன்படுத்தாதீர்கள், எண்ணையே பயன்படுத்துங்கள் என்று தன் பொத்தானைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு எழுதியே வைத்திருக்கிறது.

மெயில் ஒன்றாக இருக்கும்போது உள்ளே விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். வாசலில் நிற்பவருக்குக் கோபம் வருவதும் நியாயம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சேவைகள் பிடிவாதமாக இருப்பதே சரி. மெயில் முகவரி கைமாறக் கூடியது. 2013-ல் யாஹூ, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்த முகவரிகளை எடுத்து, கேட்டவர்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. நேற்று ஒருவருடையதாக இருந்த முகவரி இன்று முன்பின் தெரியாதவர் கையில் இருக்கலாம். அலுவலக மெயில் அதைவிட ஆபத்து. 2025 ஜனவரியில் ட்ரஃபிள் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் இணைய முகவரி விற்பனைக்கு வந்ததும் அதை விலைக்கு வாங்கி, பழைய ஊழியர்களின் மெயில் முகவரிகளை கூகுளில் புதிதாக உண்டாக்கினார்கள். அந்த முகவரிகளோடு கூகுள் பொத்தானை அழுத்தியபோது, முன்னாள் ஊழியர்கள் பயன்படுத்திய ஸ்லாக், ஜூம் போன்ற சேவைகளின் பழைய கணக்குகள் திறந்துகொண்டன. மெயில் ஒன்றாக இருக்கிறதே என்று அந்தச் சேவைகள் நம்பியதால் வந்த வினை அது.

இதில் வாசலில் நிற்பவருக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பழைய கணக்கு அழியவில்லை. பாட்டுகள், சந்தா, விளையாட்டில் சேர்த்த புள்ளிகள் எல்லாம் சேவையின் கணினியில் அப்படியே இருக்கின்றன. பேஸ்புக் எண் வழியாக நுழையும் வாசல்தான் அடைபட்டிருக்கிறது. பெரும்பாலான சேவைகளில் இரண்டாவது வாசல் ஒன்றும் உண்டு. பேஸ்புக் அன்று கொடுத்த மெயில் முகவரியைச் சேவை தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். அந்த முகவரிக்கு இன்றும் மெயில் வருகிறது, அதைத் திறந்து பார்க்க முடிகிறது என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதைத்தான் அவசரத்தில் மறப்பார்கள். வேறு எங்காவது இன்னும் உள்ளேயே இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். டிராயரில் கிடக்கும் பழைய போன், வீட்டு டிவி, அலுவலகக் கணினியின் பிரவுசர், கார், ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் சரி. ஓர் இடத்தில் பாட்டு ஓடினாலும் அது பெரிய ஆதாரம். அங்கிருந்து வெளியேறக் கூடாது, செயலியை நீக்கக் கூடாது, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடக் கூடாது. அந்தத் திரையில் கணக்குப் பகுதிக்குப் போய் இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கணக்கில் பதிவான மெயில் முகவரி. இன்னொன்று, பயனர் பெயர். பேஸ்புக் வழியாகச் சேர்ந்தவர்களின் ஸ்பாட்டிஃபை பயனர் பெயர் பெரும்பாலும் வெறும் எண்களாக இருக்கும், அதனால் யாருக்கும் நினைவில் நிற்காது. படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. சில சேவைகளில் அந்த இடத்திலேயே புது பாஸ்வேர்டு வைக்கவோ, கூகுளையோ ஆப்பிளையோ இரண்டாவது வாசலாகச் சேர்க்கவோ வழி இருக்கும். இருந்தால் உடனே செய்துவிடலாம், சிக்கல் அத்தோடு முடிந்தது.

நம் ஆளின் பழைய போன் கைமாறிவிட்டது. அவருக்கு எந்த மெயில் என்றே நினைவில்லை. இங்கே பலரும் தடுக்கி விழுவது, இன்று பயன்படுத்தும் முகவரியை மட்டும் முயன்று பார்த்து ஓய்ந்துவிடுவதில். சேவையிடம் இருப்பது, அன்று பேஸ்புக்கில் இருந்த முகவரி. பிறகு பேஸ்புக்கில் முகவரியை மாற்றியிருந்தாலும் அந்த மாற்றம் தானாக அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. 2011-ல் அவர் கல்லூரி முடித்த கையோடு பயன்படுத்தியது யாஹூ. ஜிமெயிலுக்கு மாறியது பிறகுதான்.

எது என்று கண்டுபிடிக்க மெயில் பெட்டிகளில் தேடுவதே நேர்வழி. ஒவ்வொரு பெட்டியிலும் சேவையின் பெயரைப் போட்டுத் தேடினால் வரவேற்புக் கடிதமோ, மாதாந்திர ரசீதோ, ஆண்டுக் கடைசியில் அனுப்பும் வாழ்த்தோ ஏதாவது ஒன்று சிக்கும். எந்தப் பெட்டியில் சிக்குகிறதோ அதுதான் முகவரி. ஒன்றிலும் சிக்காவிட்டால், கைவசம் இருந்த எல்லா முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக முயல வேண்டியதுதான். கல்லூரி கொடுத்தது, பழைய அலுவலகம் கொடுத்தது, அண்ணன் திறந்து கொடுத்தது எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

முயலும் இடம் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ பக்கம். ஸ்பாட்டிஃபைக்கு அது `spotify.com/password-reset`. ‘நான் பாஸ்வேர்டே வைக்கவில்லையே, எதை மறக்க’ என்ற தயக்கம் வேண்டாம். பாஸ்வேர்டே இல்லாத கணக்குக்கு முதல் பாஸ்வேர்டு வைக்கவும் பல சேவைகளில் இதே பக்கம்தான். முகவரியைக் கொடுத்தால் அதற்கு ஓர் இணைப்பு வரும். அதை அழுத்தி பாஸ்வேர்டு வைத்துவிட்டால், இனி பேஸ்புக்கின் தயவே தேவையில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த முகவரியைக் கொடுத்தாலும் பல தளங்கள் ஒரே பதிலைத்தான் சொல்லும்: ‘இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் அனுப்பியிருக்கிறோம்.’ யாருக்கு எங்கே கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் சோதித்துப் பார்க்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. ஆகவே திரையில் வரும் வார்த்தை எதையும் நிரூபிக்காது, மெயில் பெட்டியில் வருவதுதான் சாட்சி. கொஞ்ச நேரம் பொறுத்து, ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிட்டு, வரவில்லை என்றால் அடுத்த முகவரிக்குப் போகலாம். அவசரப்பட்டு ஐந்தாறு முறை அழுத்தினால், கடைசியாக வந்த இணைப்பு மட்டுமே வேலை செய்யும், முந்தியவை செத்துவிடும். இணைப்பு செல்லாது என்று வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. புதுக் கணக்கு திறக்கும் பக்கத்தில் ஒரு முகவரியைக் கொடுக்கும்போது ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று சில தளங்கள் மறுக்கும். பார்ப்பவருக்கு அது எரிச்சல். உண்மையில் அதுதான் அவர் தேடிய தகவல். பழைய கணக்கு உயிரோடு இருக்கிறது, அது இந்த முகவரியில்தான் இருக்கிறது. அங்கிருந்து நேராகப் பாஸ்வேர்டு பக்கத்துக்குப் போக வேண்டும். ஆனால் மறுப்பு வராவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிட வேண்டும். முழுதாக நிரப்பி அழுத்திவிட்டால் இன்னொரு காலிக் கணக்கு முளைத்துவிடும். அந்த முகவரி புதுக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு, பிறகு கஸ்டமர் கேரில் விளக்கும்போது குழப்பத்தை இரட்டிப்பாக்கும்.

நம் ஆளுக்கு யாஹூ முகவரிக்கு இணைப்பு வந்தது. நல்ல காலம், அந்தப் பெட்டியை அவ்வப்போது திறந்துகொண்டிருந்தார். வருடக்கணக்கில் திறக்காமல் விட்டிருந்தால் பெட்டியே மூடப்பட்டிருக்கும், இணைப்பு போய்ச் சேர இடமிருந்திருக்காது. பாஸ்வேர்டு வைத்து உள்ளே போனதும் அவர் செய்த முதல் வேலை, கணக்கின் முகவரியை இப்போது பயன்படுத்தும் ஜிமெயிலுக்கு மாற்றியது. இரண்டாவது, பதற்றத்தில் திறந்த காலிக் கணக்கில் சந்தா எதுவும் எடுத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டது.

ஆப்பிள் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த முகவரி வேட்டை இன்னொரு விதம். 2019-ல் ஆப்பிள் கொண்டுவந்த பொத்தானில் ‘என் மெயிலை மறை’ என்று ஒரு வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தவரின் சொந்த முகவரி சேவைக்குப் போகாது. எழுத்தும் எண்ணும் கலந்து, `@privaterelay.appleid.com` என்று முடியும் ஒரு முகவரிதான் போகும். அங்கே வரும் கடிதங்களை ஆப்பிள் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடும். பாஸ்வேர்டு பக்கத்தில் ஜிமெயில் முகவரியைக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள் பலருக்கு இதுதான் விடை. ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே தம் பெயரை அழுத்தி, `Sign in with Apple` பகுதிக்குப் போனால் எந்தச் செயலிக்கு எந்த முகவரி என்று தெரியும். ஆப்பிள் கணக்கையே அழித்துவிட்டால் இந்தத் திருப்பிவிடும் வேலையும் நின்றுபோகும். அதனால் முதலில் முகவரியை மாற்றிவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

கூகுளில் வரும் ஆபத்து வேறு. அங்கே யாரும் அழிக்காமலே கணக்கு போய்விடலாம். இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்த தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. பழைய ஜிமெயிலைத் திறப்பதில்லை, ஆனால் அதன் வழியாகச் சேர்ந்த செயலி மட்டும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அண்மையில் நீக்கப்பட்டதாக இருந்தால் கூகுளின் மீட்புப் பக்கத்தில் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

மெயில் பெட்டியும் போய்விட்டது என்றால் மிச்சமிருப்பது சேவையின் கஸ்டமர் கேர். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எழுதுபவர் உண்மையான உரிமையாளரா, பறிக்க வந்தவரா என்று தெரியாது. அந்தச் சந்தேகத்தை முதல் கடிதத்திலேயே தீர்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ‘என் கணக்கு திறக்கவில்லை, உதவுங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் பாஸ்வேர்டு பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: ‘2011 அக்டோபர் வாக்கில் பேஸ்புக் வழியாகச் சேர்ந்தேன். அந்த பேஸ்புக் கணக்கை மே மாதம் நிரந்தரமாக நீக்கிவிட்டேன், திரும்பப் பெற முடியாது. கணக்கில் இருக்கும் யாஹூ முகவரியும் மூடப்பட்டுவிட்டது. என் பயனர் பெயர் இது. கடைசியாகச் சந்தா பிடிக்கப்பட்ட தேதியும் தொகையும் இவை. கார்டின் கடைசி நான்கு இலக்கம் இது. கணக்கின் முகவரியை இதற்கு மாற்றித் தாருங்கள்.’

இந்தக் கடிதத்தில் எடை உள்ள பகுதி பணம் கட்டிய விவரம்தான். பெயரையும் பிறந்த தேதியையும் யாரும் பேஸ்புக்கிலிருந்தே எடுத்திருக்க முடியும். எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது கார்டு வைத்திருப்பவருக்கும் சேவைக்கும்தான் தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் அது இருக்கும். யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண் இருக்கும். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் ரசீதில் இருக்கும். முழு கார்டு எண், சி.வி.வி., ஓ.டி.பி. ஆகியவற்றை எந்த நிறுவனமும் இதற்காகக் கேட்காது. கேட்டால் பேசுவது வேறு யாரோ. கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்களை அழைத்துப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் ஊரில் நிறைய. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி, அல்லது நிறுவனத்தின் சொந்தத் தளம், இரண்டைத் தவிர வேறு எங்கும் போக வேண்டாம்.

இந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கும் நாட்களிலும் சந்தா பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செயலியை நீக்குவதால் சந்தா நிற்காது. உள்ளே போக முடியாமலே நிறுத்தவும் வழி இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் கட்டுகிறவர்கள் அங்கேயே சந்தாப் பகுதியில் ரத்து செய்யலாம். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் அதே யு.பி.ஐ. செயலியில் அந்த அனுமதியை நீக்கிவிடலாம். கார்டு என்றால் வங்கியிடம் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி இத்தகைய தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியோ மெயிலோ, எந்தச் சேவை பணம் எடுக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒன்று, கணக்கை மீட்கும் வரை அந்த ரசீதுகளை அழிக்கக் கூடாது.

இன்னும் அழிக்காதவர்களுக்கு வேலை மிகச் சுலபம். பேஸ்புக் செட்டிங்ஸில் `Apps and websites` என்ற பகுதியில், அதன் வழியாக நுழைந்த இடங்களின் பட்டியல் இருக்கிறது. கூகுளுக்கு `myaccount.google.com/connections`. பட்டியலில் தேவையானவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளே போய், மெயில் முகவரி சரியா என்று பார்த்து, பாஸ்வேர்டு வைக்க வேண்டும். பிறகு வெளியேறி, பேஸ்புக் பொத்தானைத் தொடாமல், மெயிலும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படி முக்கியம். நுழைய முடிந்தால்தான் அந்தச் சேவை பேஸ்புக்கிலிருந்து விடுபட்டது என்று பொருள். முடியாவிட்டால் பேஸ்புக் கணக்கு இன்னும் இருக்கிறது, அதன் வழியாகத் திரும்பப் போய்க்கொள்ளலாம்.

எல்லா வழியும் அடைபட்டவர்களும் உண்டு. வெறும் செல்பேசி எண்ணைக் கொண்டு பேஸ்புக் தொடங்கியவர்கள், மெயில் தர மறுப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள், எங்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதவர்கள். அவர்கள் விஷயத்தில் சேவையிடம் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய பேஸ்புக் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. கஸ்டமர் கேர் கைவிரிப்பதும் அதனால்தான். ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் அப்போதும் கொஞ்சம் மீட்கலாம். புதுக் கணக்கில் நுழைந்து பழைய பெயரையோ, நண்பர்களுக்கு எப்போதோ அனுப்பிய பட்டியல் இணைப்பையோ தேடினால், பொதுவில் வைத்த பட்டியல்கள் கண்ணில் படும். கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து, பாட்டுகள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, புதுப் பட்டியலுக்குள் சேர்த்துவிடலாம். தனிப்பட்டதாக வைத்திருந்தவையும், இதயக் குறி போட்டுச் சேமித்த பாட்டுகளும் இப்படி வராது. அவற்றை நினைவிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.